ஜன்னலை அழித்தாலும் வெளிச்சம் போகவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் அவளுடைய அப்பத்தாவின் படத்தைக் கொண்டுவந்தாள். அப்பத்தா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மாட்டி வைக்கிற மாதிரி இருந்தது இந்த ஒரு படம்தான். பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறார். முகம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வலது தோளுக்குப் பின்னால் வடக்குப் பார்த்த ஜன்னல். அதற்கு அப்பால் வெள்ளை மணலும் பாக் விரிகுடாவும். பகல் வெளிச்சம் முழுவதும் அந்தச் சட்டத்துக்குள் பளீரென்று நிற்கிறது. பார்க்கிறவர் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும், பிறகுதான் முகத்துக்கு வரும்.

"அண்ணே, பின்னால இருக்குற ஜன்னல எடுத்துருங்க. செவுரு மட்டும் இருந்தாப் போதும். அப்பத்தா மொகம் தெரியணும்" என்றாள்.

அவள் வருவதற்கு முன்பே வேறொருவர் இந்த வேலையைச் செய்து பார்த்திருந்தார். அந்தப் படத்தையும் காட்டினாள். ஜன்னல் இல்லை, ஆனால் ஜன்னல் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளை மூட்டம் இருந்தது. தோளின் ஓரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டது போல ஒரு விளிம்பு. தலைமுடி கத்தரித்து ஒட்டிய அட்டை மாதிரி. இந்த மூன்றும்தான் இந்த வேலையில் அடிக்கடி வரும் குறைகள். அதனால் இந்த ஒரு படத்தையே வைத்து, எந்த அறிகுறிக்கு என்ன காரணம், எப்படிச் சரிசெய்வது என்று எழுதுகிறேன். நான் ஃபோட்டோஷாப்பில் செய்கிறேன். மற்ற மென்பொருள்களில் பெயர்கள் மாறும், காரணங்கள் மாறாது.

பிரஷைத் தொடுவதற்கு முன்: மூன்று வெளிச்சங்களைப் பிரித்துப் பாருங்கள்

ஜன்னல் ஒன்றுதான். ஆனால் படத்தில் அதன் வெளிச்சம் மூன்று விதமாக விழுந்திருக்கும். முதலாவது ஜன்னலே: பிரகாசத்தின் உச்ச எண்ணான 255-ல் முட்டி நிற்கும் வெறும் வெள்ளை. அதற்குள் மீட்க எதுவும் இல்லை, மேலே வண்ணம் பூசத்தான் வேண்டும். இரண்டாவது, ஜன்னலிலிருந்து வந்து சுவரிலும் தோளிலும் விழுந்த வெளிச்சம். அது நிஜமாகவே அந்த அறையில் இருந்த வெளிச்சம். எக்ஸ்போஷரைக் குறைத்தால் அடங்கும். மூன்றாவது, லென்ஸுக்குள் சிதறிய வெளிச்சம். அது அறையில் இல்லை. கண்ணாடிக்குள் சிதறிப் படத்தின் மேல் ஒரு மெல்லிய பால் படலமாகப் படிந்தது.

நம் கரையோரத்தில் இந்த மூன்றாவது கொஞ்சம் அதிகம். கடற்காற்றில் வரும் உப்பு லென்ஸின் முன்கண்ணாடியில் படிந்திருக்கும். கைக்குத் தெரியாது, ஜன்னலை நோக்கிப் படம் எடுத்தால் தெரியும்.

இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக நினைப்பதுதான் பாதிப் பிழைகளுக்குக் காரணம். சுவரில் விழுந்த வெளிச்சம் சுவரின் நிறத்தைப் பெருக்குகிறது, அதனால் அதை வகுத்துத்தான் குறைக்க வேண்டும். லென்ஸ் மூட்டம் எல்லாப் புள்ளியோடும் ஓர் அளவைக் கூட்டி வைக்கிறது, அதனால் அதைக் கழிக்க வேண்டும். கழிக்க வேண்டிய இடத்தில் வகுத்தால் படம் இருட்டாகும், மூட்டமோ அப்படியே இருக்கும்.

சரி, அளந்து பார்ப்போம். இன்ஃபோ பேனலைத் திறந்து, ஐடிராப்பரை ஒரே ஒரு பிக்சலுக்கு வைக்காமல் 31 by 31 Average என்று வையுங்கள். அப்பத்தா படத்தில் கிடைத்த எண்கள் இவை: ஜன்னலை ஒட்டிய சுவர் 205, நடுச்சுவர் 160, இடது மூலைச் சுவர் 92. அப்பத்தா மெரூன் ரவிக்கை போட்டிருந்தார். அதன் ஆழமான மடிப்பு இடது கையில் 15, ஜன்னல் பக்கக் கையில் 44. ஒரே துணியின் மடிப்பு, இரண்டுமே நிழலில் இருக்கிறது, ஆனால் ஒன்று 15, இன்னொன்று 44. அந்த வித்தியாசம்தான் லென்ஸ் மூட்டம்.

இன்னொன்று. வேலை தொடங்கும் முன் படத்தை 16 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஜேபெக்காக வந்த படம் அதனால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது, உண்மைதான். ஆனால் இனி நாம் செய்யும் கணக்குகளில் படிகள் உடையாமல் இருக்கும். ரா கோப்பு கையில் இருந்தால் ஜன்னல் விளிம்பில் கொஞ்சம் மீளும். இந்தப் படம் ஜேபெக் மட்டும்தான்.

அறிகுறி: ஜன்னல் போய்விட்டது, அந்த இடத்தைச் சுற்றி வெள்ளை மூட்டம் நிற்கிறது

காரணம், வரிசை மாறிப்போனது. முதலில் ஜன்னலை மறைத்துவிட்டுப் பிறகு சுவரைச் சரிசெய்யப் போயிருப்பார்கள். 92-ல் இருக்கும் சுவரை எடுத்து, 205-ல் இருக்கும் சுவருக்கு நடுவில் ஒட்டினால் ஒட்டு தெரியாமல் எப்படி இருக்கும்? அதை மறைக்க விளிம்பை மென்மையாக்குவார்கள். விளிம்பு மென்மையானால் அதுவே மூட்டம் ஆகிவிடும்.

முதலில் சுவரைச் சமப்படுத்துங்கள், ஜன்னல் அப்படியே இருக்கட்டும். ஜன்னல் கடைசியில்தான்.

நான் செய்த வழி இது. எக்ஸ்போஷர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று சேர்த்தேன். கர்வ்ஸ் வேண்டாமா என்றால், இந்த இடத்தில் எக்ஸ்போஷர்தான் பொருத்தம், ஏனென்றால் அது வெளிச்சத்தை அதன் நேர் அளவில் வைத்துக் கணக்குப் போடுகிறது. ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சம் பாதி ஆவது. திரையில் உள்ள எண் பாதி ஆவது இல்லை. 200-ல் இருக்கும் இடத்தை ஒரு ஸ்டாப் குறைத்தால் 146-க்கு வரும், 100-க்கு வராது. இதை மனதில் வைக்காமல் கண்ணால் மட்டும் தள்ளினால் எப்போதும் கூடுதலாகவே இருட்டாக்கிவிடுவோம்.

எவ்வளவு குறைப்பது? ஜன்னலோர 205-ஐ 110-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 2 ஸ்டாப் வேண்டும். நான் 1.5 ஸ்டாப்போடு நிறுத்தினேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனி மாஸ்க். வட்டமான கிரேடியன்ட் போட்டால் சரியாக வராது. சுவரில் வெளிச்சம் தேய்வது வட்டமாக இல்லை. ஜன்னலின் கீழே பெஞ்சு தடுத்திருக்கிறது, மேலே உத்தரம் தடுத்திருக்கிறது. ஆகவே வெளிச்சம் எப்படித் தேய்ந்ததோ அதைப் படத்திடமே கேட்கலாம். சேனல்ஸ் பேனலில் RGB மேல் Ctrl அழுத்திக் கிளிக் செய்தால் படத்தின் பிரகாசமே தேர்வாக வரும். அதை எக்ஸ்போஷர் லேயரின் மாஸ்க்காக ஆக்குங்கள். பிறகு அந்த மாஸ்க்கைத் தனியாகத் திறந்து (Alt அழுத்தி மாஸ்க்கைக் கிளிக் செய்தால் திறக்கும்) மூன்று காரியம் செய்ய வேண்டும்.

ஒன்று, அப்பத்தா உருவம் விழுந்த இடம் முழுவதையும், பக்கத்துச் சுவரின் சாம்பல் நிறத்தை எடுத்துப் பூசி மறைத்துவிடுவது. அவர் கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. மறைக்காமல் விட்டால் அந்த வெள்ளை மாஸ்க்கில் கசிந்து, அவரைச் சுற்றிய சுவரும் இருண்டு போகும். இரண்டு, காஸியன் பிளர் தாராளமாகக் கொடுப்பது. 6000 பிக்சல் அகலப் படத்துக்கு 200 பிக்சல் கொடுத்தேன். சுவரின் சொரசொரப்பு மாஸ்க்கில் இருக்கக்கூடாது, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால் சுவர் வழவழவென்று உயிரில்லாமல் ஆகும். மூன்று, லெவல்ஸ் போட்டு ஜன்னலோரம் முழு வெள்ளையாகவும் இடது மூலை முழுக் கருப்பாகவும் ஆகும்படி மாஸ்க்கை இழுப்பது.

முடிந்ததும் திரும்ப அளந்தேன். ஜன்னலோரம் 128, நடுச்சுவர் 123. இடது மூலை அதே 92. அந்த மூலைக்கு மட்டும் தலைகீழ் மாஸ்க்கோடு அரை ஸ்டாப் உயர்த்தினேன், 108 ஆனது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை 205-க்கும் 92-க்கும் இடையே இருந்த பள்ளம், 128-க்கும் 108-க்கும் இடையே ஒரு சரிவாக அடங்கிவிட்டது.

அந்தச் சரிவையும் ஏன் முழுதாகச் சமமாக்கவில்லை? அப்பத்தாவின் வலது கன்னத்திலும் தோளிலும் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருக்கிறது. அது அவர் முகத்துக்கு அழகு, அதை அழிக்க மனம் வராது, அழிக்கவும் கூடாது. ஆனால் சுவர் முழுவதும் ஒரே அளவாகிவிட்டால் பார்க்கிறவருக்குக் காரணம் புரியாமல் ஏதோ உறுத்தும்: கன்னத்தில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? வலப் பக்கச் சுவர் அரை ஸ்டாப் கூடுதலாக இருந்தால், ஜன்னல் படத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று கண் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: எவ்வளவு இருட்டாக்கினாலும் ஜன்னல் பக்கம் பால் கலந்த மாதிரியே இருக்கிறது

முதலில் வந்த படத்தில் இதுவும் இருந்தது. சுவர் இருண்டிருந்தது, ஆனால் ரவிக்கையின் கருமை கருமையாக இல்லை, சாம்பலாக இருந்தது. கழிக்க வேண்டியதை வகுத்ததன் விளைவு இது.

இன்னொரு எக்ஸ்போஷர் லேயர் போட்டு, அதில் எக்ஸ்போஷரைத் தொடாமல் Offset-ஐ மட்டும் நகர்த்துங்கள். அதுதான் கழித்தல். இங்கே -0.02 போதுமானதாக இருந்தது. 44-ல் இருந்த மடிப்பு 15-க்கு இறங்கியது. அவ்வளவு நுணுக்கமான ஸ்லைடர் அது. -0.05 வரை போனால் சேலை மடிப்பின் நிழலெல்லாம் கருந்திட்டு ஆகிவிடும். எண்ணைத் தட்டச்சு செய்வதுதான் நல்லது, மௌஸால் இழுத்தால் பிடிபடாது.

இதன் மாஸ்க், சுவருக்குப் போட்டது போலப் பின்னணிக்கு மட்டும் என்று இருக்கக்கூடாது. லென்ஸ் மூட்டத்துக்கு ஆள் எது, சுவர் எது என்று தெரியாது. இரண்டின் மேலும்தான் படிந்திருக்கிறது. ஆகவே ஜன்னல் பக்கத்தில் தொடங்கி முகத்தின் நடுவில் முடிகிற ஒரு மென்மையான கிரேடியன்ட் போட்டு, அப்பத்தா மேலும் விழ விடுங்கள். வலது கையும் தோளும் சட்டென்று தெளியும். அதைப் பார்த்த பிறகுதான் இது எவ்வளவு நேரம் கண்ணை ஏமாற்றியது என்று புரியும்.

இதைச் சுவரைச் சமப்படுத்தும் லேயருக்குக் கீழே, அதாவது முதலில் நடக்கும்படி வையுங்கள். மூட்டத்தைக் கழித்த பிறகு ஜன்னல் பக்கச் சுவர் எண்கள் சில புள்ளிகள் இறங்கும், மறுபடி ஒரு முறை அளந்து கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறது, அல்லது பிரஷ் வெள்ளையை இழுத்து வருகிறது

இப்போதுதான் ஜன்னல். நிறைய பேர் நேராக ஹீலிங் பிரஷை எடுப்பார்கள். அதன் வேலையே, தடவிய இடத்தின் விளிம்பில் என்ன நிறம் இருக்கிறதோ அதோடு உள்ளே கலப்பது. விளிம்பில் 255 வெள்ளை இருந்தால் அந்த வெள்ளையை உள்ளே இழுத்துவந்து மேகம் மாதிரி பரப்பிவிடும். சுவரின் நடுவில் ஒரு கறையை எடுக்க ஹீலிங் நல்லது. பளீரென்ற ஒன்றின் ஓரத்தில் அது கேடு.

முதலில் குளோன் ஸ்டாம்ப். மேலே புதிதாக ஒரு வெற்று லேயர், Sample என்ற இடத்தில் Current & Below. அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் இந்தக் குளோன் லேயருக்குக் கீழே இருக்கட்டும், அப்போதுதான் சமப்படுத்திய சுவரை எடுத்து ஒட்டும். மேலே இருந்தால் ஒட்டியதன் மேல் ஜன்னலோரத்துக்கான இருட்டு விழும். இதுவும் அடிக்கடி நடக்கிற தவறு. ஜன்னலும் அதன் விளிம்பு வெள்ளையும் முழுதாக மறைந்த பிறகு, ஒட்டுகளின் இணைப்பில் மட்டும் ஹீலிங்.

குளோன் செய்யச் சுவர் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. அப்பத்தா வீட்டுச் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர். நீலம் கலந்து அடித்தது. உப்புக் காற்றில் அங்கங்கே பூத்து, சில இடத்தில் அரிசி மணி அளவில் உதிர்ந்திருந்தது. படத்தில் காலியாக இருந்த சுவர், ஜன்னலைவிடச் சிறியது. அதையே திரும்பத் திரும்ப ஒட்டினால் ஒரே உப்புப் பூ நாலு இடத்தில் வரும், பார்க்கிற கண் உடனே பிடித்துவிடும்.

அதனால் அந்தப் பெண்ணிடம் ஒரு வேலை சொன்னேன். வீட்டுக்குப் போய், ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, அதே சுவரை நேராக நின்று அலைபேசியில் நாலைந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வாசல் வெளிச்சத்தில் எடு, ஃபிளாஷ் வேண்டாம் என்றேன். மறுநாள் வந்தது. இது பெரிய உதவி. குளோன் ஸ்டாம்ப் ஒரு படத்தில் எடுத்து இன்னொரு படத்தில் ஒட்டும், இரண்டும் ஒரே கலர் மோடில், ஒரே பிட் அளவில் திறந்திருந்தால் போதும். ஆனால் அளவைப் பொருத்த வேண்டும்: நம் படத்தில் ஓர் உப்பு உதிர்வு 14 பிக்சல் என்றால், அலைபேசிப் படத்திலும் 14 ஆகும்வரை அதைச் சுருக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். மேலும் நம் படத்தில் சுவர் லேசாகக் குவியம் தவறி மங்கலாக இருந்தது. அலைபேசிச் சுவர் கூர்மையாக இருந்தது. 1.5 பிக்சல் பிளர் கொடுத்ததும் இரண்டும் ஒரே சுவராயின.

குளோன் லேயரில் பெரிய மென்மையான பிரஷ் வேண்டாம். விளிம்பு கொஞ்சம் கெட்டியாக, 50 சதவீதம் ஹார்ட்னஸில், அடிக்கடி எடுக்கும் இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். முழு மென்மையான பிரஷால் போட்டால் இரண்டு சொரசொரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று பாதிப் பாதியாகக் கலந்து, அந்த இடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி ஆகும்.

அறிகுறி: தலைமுடி ஒட்டிய அட்டை மாதிரி இருக்கிறது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான்.

கருப்பு முடிக்கு ஒரு நேர்வழி உண்டு. ஜன்னல் வெள்ளை மேல் கருப்பு முடி இருந்தால், சுவரைத் தனி லேயராக்கி அதன் பிளெண்டிங்கை Multiply ஆக்கி, முடி இருக்கும் பகுதியின் மேல் வையுங்கள். வெள்ளையோடு சுவர் பெருகினால் சுவர்தான் வரும். கருப்பு முடியோடு பெருகினால் முடி கருப்பாகவே இருக்கும். ஒவ்வொரு மயிரிழையும் அப்படியே தப்பிக்கும், தேர்வு செய்கிற வேலையே இல்லை. இளைஞர் படங்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

அப்பத்தாவுக்கு நரைத்த முடி. வெள்ளை ஜன்னல் மேல் நரைமுடி, பின்வெளிச்சத்தில் சாம்பலாகத்தான் பதிந்திருக்கும். அதை Multiply செய்தால் அந்த இழைகள் சுவரைவிடக் கருப்பாகும். முதலில் அப்படித்தான் போட்டுப் பார்த்தேன். தலையின் ஒரு பக்கம் நரை, மறு பக்கம் கருமுடி. பேத்தி பார்த்திருந்தால் அது அப்பத்தாவே இல்லை என்றிருப்பாள்.

நரைமுடிக்கு வழி வேறு. ஜன்னல் மேல் பறக்கும் இழைகளைக் காப்பாற்ற முயலாதீர்கள், அவற்றில் உண்மையான நிறம் இல்லை. முடி அடர்த்தியாக இருக்கும் கோட்டுக்கு மூன்று நான்கு பிக்சல் உள்ளேயே மாஸ்க்கை வெட்டி, சுவரை அதுவரை கொண்டுவந்துவிடுங்கள். பிறகு தனி லேயரில், இடது பக்கத் தலையில் சுவர் மேல் நன்றாகத் தெரியும் நரையிழை ஒன்றின் நிறத்தை எடுத்துக்கொண்டு, 2 பிக்சல் பிரஷால் புதிய இழைகளை வரையுங்கள். ஒவ்வொன்றும் முடிக்குள்ளிருந்து தொடங்கி வெளியே போய் மெலிந்து முடிய வேண்டும். வெளியே தொடங்கி உள்ளே வந்தால் துடைப்பக் குச்சி மாதிரி இருக்கும். டேப்லெட் பேனா இருந்தால் அழுத்தத்துக்கு ஏற்ப மெலிய வைக்கலாம். இல்லையென்றால் வரைந்துவிட்டு நுனியை மாஸ்க்கில் கரையுங்கள்.

நான் இருபது இருபத்தைந்து இழைகள்தான் வரைந்தேன். இடது பக்கம் எத்தனை பறக்கிறது என்று பார்த்து அதே அளவு. நிறைய வரைந்தால் அதுவே பொய்யாகிவிடும். ஜன்னல் பக்க இழைகளை இடது பக்கத்தவற்றைவிடக் கொஞ்சம் பிரகாசமாக வைத்தேன், வெளிச்சம் அங்கிருந்துதானே வருகிறது.

ஜன்னல் முடிக்கு நேர் பின்னால், தலையின் பாதிக்கு மேல் சூழ்ந்திருந்தால் இந்த வேலையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தலையின் வடிவமே கற்பனையாகிவிடும். அப்படிப்பட்ட படத்தில் ஜன்னலை எடுக்காமல், அதற்குள் ஒரு மங்கலான வான் நிறத்தைப் பூசி 200-க்குக் கீழே அடக்குவதோடு நிறுத்துவது நேர்மை.

அறிகுறி: தோளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு

தோளோரம் இருக்கும் பிரகாசத்தில் இரண்டு கலந்திருக்கும். சேலையின் மேல் நிஜமாக விழுந்த வெளிச்சம் ஒன்று. அது அகலமாக, துணியின் மடிப்போடு வளைந்து போகும், இருக்கட்டும். ஜன்னல் வெள்ளை விளிம்பைத் தாண்டிக் கசிந்தது இன்னொன்று. அது இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில் ஒரே சீராக ஓடும், மடிப்பைப் பார்க்காது. சில லென்ஸ்களில் அதில் ஊதா நிறமும் இருக்கும். போக வேண்டியது இதுதான்.

குளோன் ஸ்டாம்ப்பின் மோடை Darken ஆக்கி, சேலையின் உட்பக்கத்திலிருந்து எடுத்து அந்தக் கோட்டின் மேல் ஓட்டுங்கள். Darken என்பதால் வெள்ளைக் கோடு மட்டும் அடங்கும், மடிப்பின் நிழல் தொடப்படாது. ஊதா இருந்தால் அந்த ஓரத்தில் மட்டும் சாச்சுரேஷனைக் குறைத்தால் போதும்.

இதற்கு நேர் எதிரான குறையும் வரும்: தோளைச் சுற்றி ஒரு கருங்கோடு, அல்லது தலையைச் சுற்றி ஒளிவட்டம். அது ஜன்னலின் தவறு இல்லை, நம் மாஸ்க்கின் தவறு. 200 பிக்சல் மென்மையான மாஸ்க்கை வைத்தே ஆளையும் ஒதுக்கப் பார்த்தால் இப்படி ஆகும். வெளிச்சத்துக்கான மாஸ்க் மென்மையாக இருக்க வேண்டும். ஆளை ஒதுக்கும் மாஸ்க் கூர்மையாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாஸ்க்கில் செய்ய முடியாது. சுவரைச் சமப்படுத்தும் லேயர்களை ஒரு குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்புக்கு அப்பத்தாவின் கூர்மையான வெளிக்கோட்டை மாஸ்க்காகக் கொடுங்கள். லென்ஸ் மூட்ட லேயர் மட்டும் குரூப்புக்கு வெளியே இருக்கட்டும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் சுவர் ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் புள்ளி புள்ளி

பிரகாசமான இடத்தை இருட்டாக்கினால் குருணை குறையும். இருட்டான மூலையை உயர்த்தினால் குருணை எழும். இரண்டையும் ஒரே சுவரில் செய்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர், 50 சதவீதச் சாம்பல் நிரப்பி, பிளெண்டிங் Overlay. அதில் Add Noise 3 சதவீதம், Gaussian, Monochromatic. பிறகு அரை பிக்சல் பிளர். மாஸ்க்கில் ஜன்னல் பக்கத்துக்கு மட்டும் காட்டுங்கள். அச்சுக்குப் போகும்போது சுவரில் வளையம் வளையமாகப் படி தெரிவதையும் இந்தக் குருணையே தடுக்கும்.

நிறமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பகல் வெளிச்சம் விழுந்த பக்கச் சுவர் கூடுதல் நீலமாகவும், உள்பக்கம் குண்டு பல்பால் மஞ்சளாகவும் இருந்திருக்கும். பிரகாசம் அடங்கிய பிறகுதான் இந்த வித்தியாசம் வெளியே வரும். அதே வெளிச்ச மாஸ்க்கை நகலெடுத்து ஒரு கர்வ்ஸ் லேயருக்குக் கொடுத்து, நீலச் சேனலைச் சற்று இறக்கினால் சரியாகும்.

அறிகுறி: எங்கே தவறு என்று தெரியவில்லை, ஏதோ இடிக்கிறது

அப்பத்தா பக்கத்தில் பெஞ்சின் மேல் ஓர் எவர்சில்வர் குடம் இருந்தது. எல்லாம் முடித்துவிட்டு நிறைவாக இருந்தேன், மறுநாள் காலையில் பார்த்தபோது குடம் காட்டிக்கொடுத்தது. அதன் வலது விளிம்பில் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று, உற்றுப் பார்த்தால் அதில் ஜன்னல் கம்பிகள் ஐந்தும் நூல் நூலாகத் தெரிந்தன. உருண்டையான பாத்திரம் தன் பின்னால் இருப்பதையும் விளிம்பில் வாங்கிக்கொள்ளும். கம்பிகளை எடுத்துவிட்டுக் கீற்றை ஒரு ஸ்டாப் குறைத்து விட்டுவைத்தேன். படத்துக்கு வெளியே ஜன்னல் இருக்கிறது என்று சுவர் சொல்வதற்கு அது ஒத்துப்போகிறது.

ஜன்னலுக்குப் பதில் பின்னால் எரியும் பல்பையோ டியூப்லைட்டையோ எடுத்திருந்தால் இந்தத் தேடல் இன்னும் முக்கியம். மூக்குக்கண்ணாடியில் ஒரு புள்ளி, சிமெண்ட் தரையில் ஒரு பளபளப்பு, மாலை போட்ட படத்தின் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கோடு என்று விளக்கு நாலு இடத்தில் உட்கார்ந்திருக்கும். கண்மணிக்குள் இருக்கும் புள்ளியை மட்டும் தொடாதீர்கள், அது போனால் பார்வை அணைந்துவிடும்.

ஒட்டுகளைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனை. படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், பழகிய கண் புதிதாகும். அடுத்து, எல்லாவற்றுக்கும் மேல் தற்காலிகமாக ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை அலை அலையாக மேலும் கீழுமாக மூன்று முறை வளையுங்கள். படம் கன்னாபின்னா நிறத்தில் மாறும். நல்ல சுவரில் அந்த நிறப் பட்டைகள் வழுக்கிக்கொண்டு போகும். ஒட்டு உள்ள இடத்தில் பட்டை வெட்டுப்பட்டு நிற்கும். என் படத்தில் அப்பத்தாவின் காதுக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு ஒரு வெட்டு தெரிந்தது. கண்ணால் பார்த்தபோது அது தெரியவே இல்லை. 12-க்கு 18 அங்குலத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதைச் சரிசெய்த பிறகு முகத்தைப் பார்த்தேன். பின்னால் 205 நின்றபோது போதுமானதாகத் தெரிந்த முகம், பின்னால் 120 ஆனதும் தானே முன்னுக்கு வந்திருந்தது. வழக்கமாக இந்தக் கட்டத்தில் முகத்தை ஒரு ஸ்டாப் ஏற்றச் சொல்லிக் கை துடிக்கும். நான் கால் ஸ்டாப்தான் ஏற்றினேன், அதுவும் இடது கன்னத்துக்கு மட்டும்.

அந்தப் பெண் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "செவுரு எங்க வீட்டுச் செவுருதாண்ணே" என்றாள். பிறகு குடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.